கலிலேயாக் கரையில் குறுக்கே வந்தவன்

சிட்லபாக்கத்தில் கொசு கடித்துக் காணாமல் போனவர்களைவிட, கிருபாவின் மவுஸ் பட்டுக் காணாமல் போனவர்களே அதிகம். சந்தேகம் இருந்தால் அந்தப் பக்கத்து வீட்டு ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். சண்டை போட்டுப் பிரிந்த மாப்பிள்ளைகள், பந்தியில் வாய் பிளந்து ஏப்பம் விட்ட மாமாக்கள், தாஜ்மகால் வாசலில் குறுக்கே போன ஐஸ்காரர்கள் என்று ஒரு சின்ன ஊரே அவள் போட்டோக் கடைக்குள் நுழைந்து திரும்பி வராமல் போயிருக்கிறது. ஒரு முறை மாமல்லபுரத்துப் படம் ஒன்றிலிருந்து ஒரு மாட்டை எடுத்தாள். அடுத்த வாரமே மாட்டுக்காரன் மாட்டைத் தேடிக்கொண்டு ஏரிக்கரை வரைக்கும் வந்துவிட்டான் என்று சொல்வார்கள். வந்தானோ இல்லையோ, சொன்னவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

கடை என்றால் பெரிய கடை இல்லை. ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், பாஸ்போர்ட் படம் எடுக்க ஒரு நீலத் துணி, ஒரு ஸ்டூல். வாசலில் அங்காளம்மா மீன் விற்பாள். கோவளத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்து, பதினோரு மணி வரை கூடையோடு உட்கார்ந்திருப்பாள். வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, திரையில் இருப்பவர்களைப் பற்றிக் கருத்துச் சொல்லுவாள். சீரியல் பார்க்கிற மாதிரிதான்.

கிருபாவுக்கு நாற்பத்தி நாலு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேட்டால், "அதையும் ஒருநாள் அழிக்கச் சொல்லி யாராவது கொண்டு வருவாங்க" என்பாள். பிறந்தது அனகாபுத்தூர். பெருவெள்ளம் வந்த வருஷம் அடையாறு அவர்கள் வீட்டுப் பரண் வரைக்கும் ஏறியது. தண்ணீர் வடிந்த பிறகு தகரப் பெட்டியைத் திறந்தால், போட்டோக்கள் எல்லாம் ஈரம் பட்ட அப்பளம்போல் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பிரித்தபோது செத்துப்போன அம்மாவின் முகம் தனியாக உரிந்து, யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் சட்டைமேல் ஒட்டிக்கொண்டு வந்தது. எத்தனையோ பேர் படத்தைச் சரி செய்து கொடுத்தவளால் அந்த ஒன்றை ஒன்றும் செய்ய முடியவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு விதி. எவ்வளவு அவசர வேலையாக இருந்தாலும், வந்த படத்தை அப்படியே 'ஒரிஜினல்' என்ற ஃபோல்டரில் போட்டுவிட்டு, அதன் நகலில்தான் கை வைப்பாள். சனிக்கிழமை தோறும் எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்கில் ஏற்றுவாள். பத்து வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் விதி தவறியது. கதை அதைப் பற்றித்தான்.

நவம்பர் கடைசியில், மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு காலையில், ஏசுதாசன் சார் குடையைச் சுருட்டிக்கொண்டு படிக்கு அடியில் குனிந்து நுழைந்தார். தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு கேட்டில் பெயர்ப் பலகை மாட்டி, பெயருக்குப் பின்னால் 'ஜே.பி.' என்று இரண்டு எழுத்து போட்டிருப்பார். ஜெருசலேம் பில்கிரிம் என்று அர்த்தம். புனித நாட்டுக்குப் போய்விட்டு வந்தவர்கள் அப்படிப் போட்டுக்கொள்வது அந்தப் பக்கத்துச் சபைகளில் உண்டு. கொரோனாவுக்கு முந்தின வருஷம் சபைக்காரர்கள் நாற்பத்திரண்டு பேரோடு, மனைவி அபிகாயில் டீச்சரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தார். டீச்சர் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தவர். கிருபாவின் சுடிதார் கழுத்து இன்றுவரை சரியாக நிற்பதற்கு அவர்தான் காரணம்.

"கிருபாம்மா, வர்ற ஜனவரியில எங்களுக்குக் கல்யாணம் ஆகி ஐம்பது வருஷம்," என்றார் சார். "இந்தத் தடவை காலண்டர்ல எங்க படத்தையே போடலாம்னு இருக்கேன். சபையில நானூறு வீட்டுக்கும் போகும்."

போனை நீட்டினார். கலிலேயா ஏரிக்கரை. கூழாங்கல் பரப்பு, பின்னால் நீலத் தண்ணீர், அதற்குப் பின்னால் மங்கலாக மலை. சார் பெல்ட்டை இறுக்கி நிமிர்ந்து நிற்கிறார். பக்கத்தில் டீச்சர், வாயைப் பொத்த வந்த கை பாதியில் நின்றுபோய், கண் சுருங்கச் சிரிக்கிறார். கிருபா டீச்சரை முப்பது வருஷமாகப் பார்க்கிறாள். இப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை.

இரண்டு பேருக்கும் நடுவில், கொஞ்சம் பின்னால், ஒரு ஆள். அரைக்கால் சட்டை, தலையில் வலை மாதிரித் தொப்பி. ஓடி வந்தவன் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்து, மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு கையைத் தூக்கியிருக்கிறான். குனிந்தால் படத்தில் விழமாட்டோம் என்று நினைத்திருப்பான் போல. முழுசாக விழுந்திருந்தான்.

"இந்த ஆளை எடுத்துடணும்," என்றார் சார். "நானூறு வீட்டுல பன்னிரண்டு மாசம் இவன் தொங்கறதா?"

"எடுத்துடலாம் சார்."

"இவ வேற எப்பப் பாரு இந்தப் படத்தை எடுத்து வெச்சுக்கிட்டு இவன் கதையையே சொல்லிட்டிருப்பா. எனக்குக் காது புளிச்சுப்போச்சு."

அதில் என்ன கதை என்று கிருபா கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஒயரைச் செருகிப் படத்தை இறக்கிக்கொண்டாள். மதியம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும் என்று சொல்லிவிட்டு சார் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். யு.பி.எஸ். வேறு காலையிலிருந்து கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. மழை வந்தால் மின்சாரம் போவதும், அது கத்துவதும் வழக்கம். அந்தக் கீச்சில், டெஸ்க்டாப்பில் கிடந்த படத்தின்மேல் நேராகவே இரண்டு தட்டுத் தட்டித் திறந்துவிட்டாள். ஒரிஜினல் ஃபோல்டருக்கு அது போகவே இல்லை.

அங்காளம்மா வாசலில் வந்து நின்றாள். "இன்னா பாப்பா, அந்த ஆளு உன்னை இன்னா பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணலக்கா. குறுக்க வந்துட்டான்."

"குறுக்க வந்ததுக்கா ஆளையே தூக்குவே? நான் தெனம் உன் வாசல்ல குறுக்கத்தான் குந்திகினு கீறேன்."

கிருபா சிரித்துக்கொண்டே லாசோவை, வெட்டவேண்டியதைச் சுற்றி வளைக்கிற கயிற்றை, கையில் எடுத்தாள். ஆளைச் சுற்றி, உடம்பை ஒட்டாமல் கொஞ்சம் இடம் விட்டு, நூல் சுற்றுகிற மாதிரி ஒரு கோடு வளைத்தாள். அவன் நிழலையும் சேர்த்துத்தான். ஆளை எடுத்துவிட்டு நிழலை விட்டுவைப்பது கற்றுக்குட்டிகள் செய்கிற வேலை. பிறகு 'கன்டென்ட் அவேர் ஃபில்'. திரை இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கம் படம் முழுக்கப் பச்சை பூசிக்கொண்டது. எங்கெங்கே பச்சையோ அங்கிருந்தெல்லாம் துண்டு துண்டாக எடுத்து அந்த ஓட்டையை அடைக்கும் என்று அர்த்தம். மறுபக்கம் அடைத்ததைக் காட்டியது.

அடைத்ததைப் பார்த்து அங்காளம்மா கூடையைத் தட்டிச் சிரித்தாள். ஆள் போன இடத்தில், தண்ணீருக்குள்ளிருந்து இரண்டாவது ஏசுதாசன் சாரின் பாதி வழுக்கை எழும்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் டீச்சரின் புடவைக் கரை ஒரு முழம் அலையில் மிதந்தது.

"சார், உங்களையே கடல்ல முக்கி எடுக்குது பாரு!"

"கடல் இல்லம்மா, ஏரி," என்றார் சார் கடுப்பாக.

கிருபா கழித்தல் குறி போட்ட பிரஷ்ஷால் சார்மேலும் டீச்சர்மேலும் இருந்த பச்சையைத் துடைத்தாள். இவர்களைத் தொடாதே, தண்ணீரிலிருந்தும் கல்லிலிருந்தும் மட்டும் எடு என்று அதற்குச் சொல்லுகிற வழி அதுதான். இப்போது ஓட்டை ஏரியால் மூடிக்கொண்டது. முக்கால்வாசி சரி. ஆனால் தண்ணீரும் கரையும் சேர்கிற கோடு ஒரு விரல் அளவு உடைந்திருந்தது. ஒரே கூழாங்கல் மூன்று இடத்தில் மூன்று அண்ணன் தம்பி மாதிரி உட்கார்ந்திருந்தது. டீச்சரின் முந்தானையில் ஆளின் முழங்கை பட்ட இடம் குழம்பியிருந்தது.

இனி க்ளோன் ஸ்டாம்ப். படத்தின்மேல் கண்ணாடித் தாள் மாதிரி புதுசாக ஒரு வெற்று லேயர் போட்டுக்கொண்டு, ஆல்ட் விசையை அழுத்தி நல்ல தண்ணீரில் ஒரு சொடுக்கு; அங்கிருந்து அள்ளி இங்கே பூச்சு. மென்மையான பிரஷ், பாதி அழுத்தம். நாலு பூச்சுக்கு ஒரு தரம் அள்ளுகிற இடத்தை மாற்றினாள். ஒரே இடத்திலிருந்து அள்ளினால் அலை கோலம் போட்ட மாதிரி திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுத்துவிடும். கரைக்கோட்டை இடது பக்கத்திலிருந்து அதே உயரத்துக்கு இழுத்துவந்து பொருத்தினாள். முந்தானை ஓரத்துக்கு மட்டும் பிரஷ்ஷைச் சின்னதாக்கி, விளிம்பைக் கடினமாக்கி, புடவைக் கரை ஓடுகிற சாய்விலேயே தைத்துக்கொண்டு போனாள்.

"ஒரு கால்லதான் செருப்பு போட்டுகினு இருந்தான்," என்றாள் அங்காளம்மா திடீரென்று. "இன்னொண்ணு எங்க?"

"யாருக்கு?"

"அதான், நீ தூக்கினியே. தோ, அங்க கெடக்கே கறுப்பா."

படத்தின் ஓரத்தில், ஆள் நின்ற இடத்துக்கு எட்டடி தள்ளி, கல்லோடு கல்லாக ஏதோ ஒரு கறுப்பு. கிருபா அவசரத்தில் பார்த்தாள். "அது கல்லுக்கா."

"கல்லுக்கு வாரு இருக்குமா?"

அந்த நேரம் மின்விளக்கு அணைந்தது. யு.பி.எஸ். இதுவரை இல்லாத வேகத்தில் கத்தியது. இரண்டு நிமிஷம்தான் தாங்கும். கிருபா லேயர்களைச் சேர்த்துத் தட்டையாக்கினாள். சேமிக்கக் கண்ட்ரோல் எஸ் தட்டினாள். சார் போனிலும் ஒன்றை ஏற்றிக்கொடுத்தாள். கம்ப்யூட்டர் அணைந்தது. நகலில் அல்ல, வந்த படத்தின்மேலேயே வேலை பார்த்திருக்கிறோம் என்பதும், பழைய படத்தின்மேலேயே புதுப் படம் ஏறி உட்கார்ந்துவிட்டது என்பதும் அவளுக்கு அன்றைக்குத் தெரியாது. சனிக்கிழமை வழக்கம்போல் எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்கில் ஏற்றினாள். அங்கேயும் ஆள் இல்லாத ஏரிதான் போய் உட்கார்ந்தது.

காலண்டர் அருமையாக வந்தது. நானூறு வீட்டிலும் தொங்கியது. ஒரு ஆள் நின்ற இடம் என்று எந்தக் கழுகுக் கண்ணாலும் சொல்ல முடியாது.

ஜனவரி கடைசியில் சார் மறுபடியும் வந்தார். குனிய மறந்து தலையை இடித்துக்கொண்டார். தடவக்கூட இல்லை.

"கிருபாம்மா, அந்த ஆளைத் திரும்ப வெச்சிடு."

"எந்த ஆளை சார்?"

ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். டீச்சருக்கு இரண்டு வருஷமாக ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. வெளியே சொல்லவில்லை. காலையில் சாப்பிட்டது மதியம் தெரியாது. கனடாவில் இருக்கிற மகன் ஜேசனின் பேர் சில நாள் வராது. ஆனால் போனில் அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தால் போதும். முதலில் அந்த ஆளைப் பார்ப்பார். சிரிப்பு வரும். அவன் கையிலிருந்த ரொட்டியை ஒரு பறவை பிடுங்கிக்கொண்டு போனது, அவன் துரத்திக்கொண்டு ஓடியது, செருப்பு கழன்றது என்று கதை ஆரம்பிக்கும். அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டே ஏரி வரும், படகு வரும், அன்று தின்ற மீன் வரும், கடைசியில், "பக்கத்துல நீங்க, வயித்தை எக்கிக்கிட்டு" என்று சாரும் வருவார். தினமும் அந்த வாசல் வழியாகத்தான் டீச்சர் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தார்.

"இப்ப படத்தைக் கொடுத்தா, இந்தப் பொம்பளை எதுக்குச் சிரிக்குதுன்னு கேக்கறா," என்றார் சார். "ரெண்டு மாசமா நோய்தான் முத்திப்போச்சுன்னு டாக்டர் டாக்டரா அலைஞ்சேன். போன வாரந்தான் எனக்கு உறைச்சுது. என்னை இப்ப சார்னு கூப்பிடறா, கிருபா. சாப்பிட்டீங்களா சார்னு கேக்கறா."

கிருபா ஒரிஜினல் ஃபோல்டரைத் திறந்தாள். அதில் இல்லை. டெஸ்க்டாப்பில் இருந்ததைத் திறந்தாள். நீலத் தண்ணீர். தேதியைப் பார்த்தாள், நேரத்தைப் பார்த்தாள். அந்த யு.பி.எஸ்.ஸின் கீச்சு காதில் கேட்டது.

"உங்க போன்ல பழசு இருக்குமே சார்?"

"நல்லது வந்துடுச்சேன்னு அதை அன்னைக்கே அழிச்சுட்டேன். போன் நெறஞ்சுபோச்சு, நெறஞ்சுபோச்சுன்னு கத்திட்டே இருந்துது. குப்பைத்தொட்டியையும் காலி பண்ணேன்."

"ஜேசன் அண்ணனுக்கு அனுப்பியிருப்பீங்களே?"

"வந்தா நேர்ல காட்டலாம்னு இருந்தேன். அவன் வரல."

பயணம் போன நாற்பத்திரண்டு பேரின் வாட்ஸாப் குழுவில் சார் கேட்டுப் பார்த்தார். எல்லோரும் அவரவர் மூஞ்சியை அனுப்பினார்கள். எடுத்தவர் கைடு, எடுத்தது சாரின் போனில். அந்த ஆள் உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்த ஒரு படம்தான். நிஜமாக அவன் எங்கேயோ ரொட்டி தின்றுகொண்டு சுகமாக இருப்பான். அதனால் யாருக்கு என்ன?

அழிந்துபோனதை மீட்கிற மென்பொருளைத் தாம்பரத்தில் ஒரு கடைக்காரனிடம் கேட்டு வாங்கி ஓட்டினாள். ஏதேதோ கிடைத்தது; ஏப்பம் விட்ட மாமாகூடத் திரும்பி வந்தார். இவன் வரவில்லை. பழையதன் மேலேயே புதுசை எழுதிவிட்டால் வராது என்றான் கடைக்காரன். அது அவளுக்கும் தெரியும். கன்டென்ட் அவேர் ஃபில்லை எத்தனை தடவை ஓட்டினாலும் ஏரியிலிருந்து ஏரியைத்தான் எடுத்து வைக்கும். படத்தில் இருப்பதை வைத்து இல்லாததை மூடத்தான் அதற்குத் தெரியும்.

படம் திருத்துகிற மென்பொருளின் புதுப் பதிப்பில், எழுதிக் கேட்டால் ஆளையே வரைந்து கொடுக்கிற வசதி உண்டு. கேட்டாள். முதல் தடவை வந்தவனுக்கு ஆறு விரல். இரண்டாவது தடவை வந்தவன் சினிமா கதாநாயகன்போல் மார்பை விரித்து நின்றான். மூன்றாவது ஆள் பரவாயில்லை. குனிந்து, கை தூக்கி, தொப்பி போட்டிருந்தான். அங்காளம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். டீச்சரை விட்டால் அந்த ஆளை நின்று நிதானமாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அங்காளம்மா மீன் செதிலை முந்தானையில் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். "இவன் அவன் இல்ல பாப்பா."

"எப்படிக்கா சொல்றீங்க?"

"அவன் மூஞ்சில ஒரு பேஜார் இருந்துச்சு. பறிகொடுத்தவன் மூஞ்சி. இவன் என்னத்தைப் பறிகொடுத்தான்? ரெண்டு கால்லயும் செருப்பு கீது."

இருந்தாலும் அந்த மூன்றாவது ஆளோடு படத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு, சாயங்காலம் சார் வீட்டுக்குப் போனாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

டீச்சர் கூடத்தில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். விரல்கள் எதையும் மறக்கவில்லை. கிருபா படத்தை மடியில் வைத்தாள். சார் நாற்காலி நுனியில் வந்து உட்கார்ந்தார்.

டீச்சர் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அந்த ஆளைக் காட்டி, மரியாதையாக, "இவரு யாரும்மா? உங்க வீட்டுக்காரரா?" என்றார்.

"இல்ல டீச்சர்."

"நல்லா இருக்கார்." படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பித்தானுக்குத் திரும்பினார்.

சார் எழுந்துபோய் டீச்சர் காலடியில் தரையில் உட்கார்ந்தார். தலைமை எழுத்தர் தரையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. "அபி, நான் சொல்றேன் கேளு. ஒரு ஆள் ரொட்டி வெச்சிருந்தான். ஒரு பறவை... கடல் புறாவா? நீ ஒரு நாள் கொக்குன்னே, ஒரு நாள் கழுகுன்னே. அது வந்து பிடுங்கிச்சு. அவன் ஏதோ கத்தினான். நீ அதை அப்படியே கத்திக் காட்டுவே. அவன்..." நின்றுவிட்டார். கிருபாவைப் பார்த்தார். "என்ன கத்தினான்னு எனக்குத் தெரியலம்மா. ஆயிரம் தடவை சொல்லியிருப்பா. நான் பேப்பர் படிச்சுக்கிட்டே ம்ம் ம்ம்னு சொல்லுவேன்."

"அப்படியா சார்?" என்றார் டீச்சர், வீட்டுக்கு வந்தவரிடம் பேசுகிற குரலில். "பாவம், ரொட்டி போச்சா?"

கிருபா மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

டீச்சர் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தார். சட்டையை மடித்து வைக்க எழுந்தவர், சுவரில் தொங்கிய காலண்டர் முன்னால் நின்றார். சாரைப் பார்க்கவில்லை, சிரிக்கிற பெண்ணைப் பார்க்கவில்லை. குனிந்து, ஊசி பிடித்த விரலால் படத்தின் ஓரத்தைத் தொட்டார்.

"யாரோ செருப்பை விட்டுட்டுப் போயிருக்காங்க."

கிருபா கிட்டே போனாள். காலண்டர் அளவுக்குப் பெரிதானபோது தெளிவாகத் தெரிந்தது. வார் அறுந்த ஒற்றைச் செருப்பு, கூழாங்கல்லின்மேல் மல்லாக்க. நானூறு வீட்டிலும் தொங்குகிறது. அவளுடைய கைக்குத் தப்பிய ஒரே சாமான்.

"ஒத்தைச் செருப்பு," என்றார் டீச்சர். உதட்டோரம் லேசாக ஏதோ அசைந்தது. சார் தரையிலிருந்து பாதி எழுந்தார். அசைந்தது அதற்குமேல் வளரவில்லை. அப்படியே அடங்கிப்போனது.

"ஒத்தைக் காலோட எவ்வளவு தூரம் போவான்?" என்றார் டீச்சர். "திரும்பி வருவான். சார், கேட்டைப் பூட்டிட்டீங்களா?"

"பூட்டிட்டேன் அபி."

"பூட்டாதீங்க. வந்து நிப்பான்."

கிருபா அந்த மூன்றாவது ஆளைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சார் செருப்பு போடாமலே கூட வந்து, ஜே.பி. பலகை மாட்டிய கேட்டின் பூட்டைத் திறந்தார். அவள் வெளியே போன பிறகும் பூட்டவில்லை. கதவை அகலத் தள்ளி, அது காற்றில் மூடிக்கொள்ளாமல் இருக்க, அடியில் ஒரு கல்லை எடுத்து வைத்தார்.